எஃப் ஃபைவ் அடிக்காத குற்றம்

அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னபோது எனக்குக் காரணம்கூடச் சரியாகத் தெரியாது. கோபம்தான் முதலில் வந்தது. காரணம் மறுநாள் வந்தது, அதுவும் என் தலையிலேயே வந்து விழுந்தது.

எங்கள் ஆபீஸ் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடி. ஒன்பது பேர். பஸ் ஓட்டும் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எந்த பஸ் எங்கே போகிறது என்று கம்ப்யூட்டர் திரையில் வரைபடத்தில் காட்டும். ஜீவனஹள்ளியில் இருக்கும் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. திரையில் தெரிவதற்கெல்லாம் புரோகிராம் எழுதுவது என் வேலை. பதிமூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறேன், நன்றாகச் செய்கிறேன் என்ற திமிரும் இருந்தது.

சந்தாபுராவில் ஒரு கம்பெனி எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. காலையில் பள்ளிக்கூட பஸ், அப்புறம் தொழிற்சாலை பஸ் என்று நாற்பது வண்டி ஓட்டுகிறார்கள். அவற்றையெல்லாம் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரே ஒரு பெண் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி பழுதானால் டிரைவர் ஒரு பட்டனை அமுக்குவார், அந்தப் பெண்ணின் திரையில் சிவப்பாக வரும், அவர் மாற்று வண்டி அனுப்புவார். ஏற்பாடு அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பள்ளி பஸ் ஆனேக்கல் ரோட்டில் நின்றுவிட்டது. டிரைவர் பட்டனை அமுக்கினார். சந்தாபுராவில் சிவப்பு வரவில்லை. டியூட்டி நேரத்தில் டிரைவர்கள் போனைத் தொடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி, அதனால் அவரும் பட்டனை நம்பிக் காத்திருந்தார். நாற்பது நிமிஷம் பிள்ளைகள் ரோட்டோரம் வெயிலில் நின்றார்கள். லாரிகள் உரசிக்கொண்டு போகும் ரோடு அது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பக்கமாகப் போன ஒரு அப்பா தன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வீடியோ எடுத்தார், அது எல்லாப் பெற்றோர் குழுக்களுக்கும் போனது.

செவ்வாய்க்கிழமை எங்கள் டீம் லீட் ஒரு அறிக்கை தயார் செய்தான். நானும் அவனும் ஒரே நாளில் இந்த வேலையில் சேர்ந்தவர்கள். சேலத்துக்காரன், நல்லவன், சண்டை என்றால் மட்டும் ஆகாது. அறிக்கையில் ஒரே வரிதான் முக்கியம்: ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கீபோர்டில் எஃப் ஃபைவ் அடித்துப் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற நடைமுறையை ஊழியர் பின்பற்றவில்லை. கீழே சரிபார்த்தவர் என்று என் பெயர்.

“அந்தம்மாவ வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களா?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை மீட்டிங். அவங்க கம்பெனி விஷயம் அது, நமக்கென்ன. நீ சைன் பண்ணு.”

“எஃப் ஃபைவ் அடிக்காட்டி ஏன்டா அலர்ட் வராது? அதச் சொல்லு முதல்ல.”

“பக்கம் ஸ்லோ ஆயிடும். ரொம்ப நேரம் திறந்தே வெச்சா எந்தப் பக்கமும் ஆகும்.”

“எந்தப் பக்கமும் ஆகாது. நம்ம பக்கம் ஆகுது. நான் சைன் பண்ண மாட்டேன்.”

“ஏய், லூசு மாதிரி பேசாத. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற காரணம் காட்டு, மாத்திக்கலாம்.”

உடனே என் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. அரை மணி நேரம் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வாயை விட்டாயிற்று, கையில் ஒன்றும் இல்லை. பழைய புகார்களைத் தோண்டினேன். அந்தப் பெண் முன்பே மூன்று முறை ‘ஸ்க்ரீன் தொங்குது’ என்று எழுதியிருந்தார். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: புதுப்பித்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது, புகார் முடிக்கப்பட்டது. அந்த மூன்றில் ஒன்றை முடித்தவள் நான். எனக்கு அது ஞாபகம்கூட இல்லை.

அவர் நம்பரைக் கேட்டு வாங்கி போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா மேடம், இப்போதான் போன் பண்ணத் தோணுச்சா?” என்றார். “கேட்டா சொல்லிப் புரியாது. ஒரு நாள் வந்து என் பக்கத்துல குந்துங்க. ஆறு மணிக்கு வரணும். பத்து மணிக்கு வந்து பாத்துட்டு எல்லாம் நல்லாத்தான் கீதுன்னு போறதுக்கு வராதீங்க.”

புதன்கிழமை விடிகிற நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்தேன். ஓசூர் ரோடு காலியாக இருக்கும் ஒரே நேரம் அது. சந்தாபுராவில் பஸ் ஷெட்டுக்கு மேலே சின்ன அறை. டீசல் வாசனை படியேறி வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அப்பா அம்மா கிருஷ்ணகிரிப் பக்கம், தான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேயே என்றார். கீழே ஷெட்டில் நிற்கும் டிரைவர்களிடம் ஜன்னல் வழியாகக் கன்னடம், என்னிடம் தமிழ், ஷெட் மெக்கானிக்கிடம் உருது, மூன்றும் ஒரே மூச்சில். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

நான் அவர் கையைப் பார்த்தேன். எங்கள் மென்பொருள் ஒற்றைப் பக்கம். காலையில் ஒருமுறை திறந்தால் போதும். வரைபடம், பஸ் பட்டியல், டிரைவர் குறிப்பு என்று எதை அமுக்கினாலும் பக்கம் முழுவதும் புதிதாக வராது, உள்ளே இருக்கும் பகுதி மட்டும் மாறும். அவர் வரைபடத்தைப் பார்ப்பார், ஒரு அம்மா போனில் கேட்பார், பட்டியலுக்குப் போவார், மறுபடி வரைபடம், குறிப்பு எழுதுவார், மறுபடி வரைபடம். நிமிஷத்துக்கு ஒருமுறையாவது வரைபடத்துக்குத் திரும்பி வந்தார். எங்கள் ஆபீசில் யாரும் அப்படி அதைப் பயன்படுத்தியதே இல்லை. நாங்கள் ஒரு வரி மாற்றிச் சேமித்தால் போதும், பக்கம் தானாகவே புதிதாகிவிடும். அப்படித்தான் எங்கள் கருவிகளை வைத்திருக்கிறோம். சோதனை செய்பவர்களும் திறந்து, ஐந்து நிமிஷம் பார்த்து, மூடிவிடுவார்கள். ஒரு நாளைக்கு நூறு முறை தன்னை அறியாமல் எஃப் ஃபைவ் அடித்துக்கொண்டே இருக்கிற கூட்டம் நாங்கள். ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை திறந்தே கிடக்கும் பக்கம் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஏழு மணி வரை ஒன்றும் இல்லை. ஏழரைக்குப் பொத்தானை அமுக்கினால் ஒரு நொடி யோசித்தது. எட்டரைக்கு நாலைந்து நொடி. பிரவுசரில் ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று காட்டும் சின்னப் பட்டியல் ஒன்று உண்டு, அதைத் திறந்தேன். காலையில் இருநூறு எம்பியாக இருந்தது ஒரு ஜிபியை, அதாவது ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தது. ஏறிக்கொண்டே இருந்தது, இறங்கவே இல்லை.

“இப்போ பாருங்க,” என்றார் அவர். “இந்த வண்டி எலெக்ட்ரானிக் சிட்டிகிட்ட நிக்கிதுன்னு காட்டுது. நெஜமா நிக்கிதா, ஸ்க்ரீன் நிக்கிதா?”

எனக்குத் தெரியவில்லை.

“எனக்கும் தெரியாது. ஓசூர் ரோட்டுல வண்டி நகராம நிக்கிறதெல்லாம் ஒரு விஷயமா மேடம்? டிராஃபிக்குனு நெனச்சுக்குவேன். திங்கக்கெழமையும் அப்படித்தான் நெனச்சேன்.”

“அக்கா, அப்போ ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எஃப் ஃபைவ் அடிக்கச் சொல்லியிருந்தாங்களே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எஃப் ஃபைவை அமுக்கினார். பக்கம் போனது, கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. மறுபடி உள்ளே நுழைந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன் வைத்தார். மேனேஜர் அனுப்பிய மெமோ. பணி நேரத்தில் பலமுறை இருக்கையை விட்டு எழுந்து செல்கிறீர்கள் என்று எழுதியிருந்தது.

“நான் எழுந்தே போகல. எஃப் ஃபைவ் அடிச்சா லாக் அவுட் ஆகுது. ஒவ்வொரு லாக் அவுட்டும் உங்க சாஃப்ட்வேர் போடுற ரிப்போர்ட்ல பிரேக்குனு போகுது. அடிச்சா மெமோ, அடிக்காட்டி பஸ் நிக்கிது. நீங்களே சொல்லுங்க, நான் எதப் பண்றது?”

கடவுச்சொல் கொடுத்ததும் கிடைக்கும் நுழைவுச் சீட்டைப் பக்கத்தின் நினைவில் மட்டும் வைப்போம், பக்கம் போனால் அதுவும் போகட்டும், அதுதான் பாதுகாப்பு என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன், தலையாட்டினேன். அது இந்த அறையில் ஒரு பெண்ணுக்கு மெமோவாக மாறும் என்று யாருக்குத் தோன்றியது? தலையாட்டுவதற்கு என்ன, சுலபமான வேலை.

அன்று மத்தியானமே ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தேன். இந்த முறை அவர் கை செய்ததையே என் கையும் செய்தது. வரைபடத்துக்குள் போவது, வெளியே வருவது, போவது, வருவது. ஆரம்பத்தில் நினைவகத்தைப் படம் பிடித்தேன், பத்து முறை போய் வந்ததும் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. திரையில் அப்போது வரைபடமே இல்லை. ஆனால் நினைவகத்தில் பத்து வரைபடம் கிடந்தது. பக்கத்திலிருந்து கழற்றப்பட்டவை, ஆனால் யாரோ பிடித்துக்கொண்டிருந்ததால் போகாதவை. யாராவது ஒருவர் பிடித்திருந்தால்கூட பிரவுசர் அதைக் குப்பை என்று அள்ளாது. அது அதன் நியாயம்.

பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். முதலாவது டைமர். வரைபடம் திறந்ததும், ஐந்து நொடிக்கு ஒருமுறை பஸ்கள் எங்கே என்று சர்வரைக் கேள் என்று ஒரு டைமர் ஓட ஆரம்பிக்கும். வரைபடத்தை விட்டுப் போகும்போது அதை நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்லும் வரியே இல்லை. அதனால் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் புது டைமர், பழையதும் ஓடிக்கொண்டே இருந்தது. நூற்றைம்பது முறை போய் வந்தால் நூற்றைம்பது டைமர், ஐந்து நொடிக்கு நூற்றைம்பது கேள்வி. எங்கள் சர்வரிடம் பிரவுசர் ஒரே நேரத்தில் ஆறு கேள்விதான் கேட்கும். மிச்சமெல்லாம் வரிசையில் நிற்கும். கண்ணுக்கே தெரியாத பழைய வரைபடங்களுக்காகக் கேள்விகள் வந்து வரிசையை அடைத்துக்கொண்டன. பழுதான வண்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும் ஒற்றைக் கேள்வி அந்த வரிசையின் கடைசியில் நின்றது. நாற்பது நிமிஷம் நின்றது.

இரண்டாவது லிசனர். ஜன்னலின் அளவு மாறினால் வரைபடத்தைச் சரிசெய்ய ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பை, பிரவுசரிடம் ஒப்படைத்திருந்தோம். இதை நீக்கும் வரி இருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் உற்றுப் பார்த்தேன். எங்கள் புரோகிராம் கொடுக்கும்போது ஒரு பிரதி செய்து கொடுத்திருக்கிறது, நீக்கும்போது இன்னொரு பிரதி செய்து நீக்கச் சொல்கிறது. பிரவுசருக்கு அது வேறு ஆள். கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுத்த டோக்கனை வீட்டில் வைத்துவிட்டு, அதே நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுவது போலத்தான். ஒப்படைத்த அதே ஃபங்ஷனைக் கொடுத்தால்தான் நீக்கும். இல்லையென்றால் பிழை என்றுகூடச் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும்.

யார் எழுதியது என்று பார்த்தேன். வரிக்கு வரி யார் எழுதினார்கள் என்று எங்களிடம் பதிவு இருக்கும். இரண்டும் நான். நீக்குவதாக நினைத்து ஒன்றையும் நீக்காத அந்த வரிக்குப் பக்கத்தில், சுத்தம் செய்தாயிற்று என்று ஒரு குறிப்பு வேறு எழுதி வைத்திருந்தேன்.

யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பேசாமல் இரண்டு வரியைத் திருத்திவிட்டு, அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஒரு நிமிஷம் அப்படி நினைத்தேன். அப்புறம் அந்த மேசை இழுப்பறையிலிருந்து வந்த மெமோ கண்ணில் வந்து நின்றது.

திருத்தினேன். டைமரின் எண்ணை எடுத்து வைத்து, வெளியே போகும்போது நிறுத்தினேன். ஃபங்ஷனை ஒரே முறை செய்து, கொடுக்கவும் நீக்கவும் அதையே பயன்படுத்தினேன். நூறு முறை உள்ளே போய் வெளியே வந்தேன். படம் எடுத்து ஒப்பிட்டேன். ஒரு வரைபடம்கூட மிச்சம் இல்லை. பக்கத்தைப் புதுப்பித்தாலும் வெளியே தள்ளாதபடி நுழைவையும் மாற்றினோம். பிறகு அறிக்கையை முதலிலிருந்து நானே எழுதினேன். காரணம்: வரைபடப் பகுதியில் நிறுத்தப்படாத டைமர், நீக்கப்படாத லிசனர். எழுதியவர்: நான். ஊழியர் மேல் தவறு இல்லை. புதுப்பிக்கச் சொன்ன நடைமுறையே தவறு. இடைவேளை என்று காட்டும் கணக்கும் தவறு.

லீட் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“உன் பேரையே போட்டிருக்க. பைத்தியமா உனக்கு? சாஃப்ட்வேர்ல சின்ன பிரச்சனைன்னு எழுதினா பத்தாதா?”

“சின்ன பிரச்சனைன்னு எழுதினா, அத ஏன் அந்தம்மா எஃப் ஃபைவ் அடிச்சுச் சரி பண்ணலன்னு கேப்பாங்க. நீ அனுப்புறியா, நான் அனுப்பட்டுமா?”

அவன் அனுப்பவில்லை. நான் அனுப்பினேன், சந்தாபுரா மேனேஜர் உட்பட எல்லோருக்கும்.

வெள்ளிக்கிழமை சந்தாபுராவில் மீட்டிங். மேனேஜர், எங்கள் லீட், நான், அந்தப் பெண். மேனேஜர் என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கன்னடத்தில் பேசினார், மரியாதையாகத்தான். தொழில்நுட்பக் காரணம் புரிந்தது, இந்தம்மாவை வேலையை விட்டு எடுக்கப் போவதில்லை என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. அவர் நிறுத்தவில்லை. ஆனால் பெற்றோர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டும், அதனால் இந்தம்மா ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடட்டும், சும்மா ஒரு சம்பிரதாயம் என்றார். வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் அந்தப் பெண் பக்கம் நகர்த்தினார்.

லீட் என் காலை மெல்ல மிதித்தான். இத்தோடு விடு என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பேசிவிட்டார், கன்னடத்தில், குரலை ஏற்றாமல். எழுத மாட்டேன் என்றார். தான் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அந்தக் காகிதம்தான் மிச்சம் இருக்கும், இந்த ரிப்போர்ட்டை யாரும் படிக்க மாட்டார்கள். வேலை போனாலும் பரவாயில்லை, எழுத மாட்டேன் என்றார்.

மேனேஜர் முகம் இறுகியது. அந்தப் பெண் காகிதத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“நீங்க எழுதுங்க,” என்றார் தமிழில்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்று இருந்தது. உள்ளுக்குள் நான் வேறு ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நன்றி. அதிகாலையில் எழுந்து வந்து, சொந்தக் குட்டை நானே உடைத்து, சண்டை போட்டுக் காப்பாற்றியவளுக்கு ஒரு சிரிப்பாவது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்? மூன்று முறை எழுதிச் சொன்னவர் அவர்.

பேனாவை எடுத்தேன். பெரும்பாலான பெற்றோர் கன்னடம் படிப்பவர்கள் என்பதால் கன்னடத்திலேயே எழுதினேன். மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு, திங்கட்கிழமை ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக. அவர் எட்டிப் பார்த்தார்.

“கோளாறு தானா வந்து ஏற்பட்டுச்சா?”

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். எங்கள் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த குறையால்.

“நிறுவனமா எழுதுச்சு அந்தப் புரோகிராமை? நீங்கதான எழுதுனீங்க, உங்க ரிப்போர்ட்ல போட்டிருக்கே. ஆபீசருங்களுக்கு நான்னு எழுதுறீங்க, அம்மா அப்பாக்கு மட்டும் நிறுவனமா?”

லீட் ஏதோ சொல்ல வந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கோபம் வந்திருக்க வேண்டும், எனக்கு வழக்கமாக வரும். வரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். வேறு காகிதம் கேட்டு வாங்கினேன்.

உங்கள் பிள்ளைகள் நாற்பது நிமிஷம் ரோட்டில் நின்றதற்குக் காரணம் நான். நிறுத்த வேண்டிய ஒன்றை நிறுத்தாமல் விட்டேன். இங்கே வேலை செய்பவர் மூன்று முறை எச்சரித்தார், அதில் ஒரு எச்சரிக்கையை நானே முடித்துவைத்தேன். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர்மேல் எந்தத் தவறும் இல்லை. இதைச் சரிசெய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

கீழே பெயர் எழுதி, போன் நம்பரையும் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். அந்தப் பெண் அதை ஃபைலிலிருந்து எடுத்தார், முழுவதும் நிதானமாகப் படித்தார், திரும்ப வைத்தார்.

“சரி,” என்றார் என்னிடம். “பதினொன்னரைக்கு ஃபேக்டரி வண்டிங்க கெளம்பும்.”

எழுந்து தன் அறைக்குப் போனார்.